நிறுத்தினால் சாயும் பெட்டி: அறிகுறி பார்த்து அடுக்கைத் திருத்துவது எப்படி

சூட்கேஸை அடுக்கும்போது அது தரையில் படுத்திருக்கிறது. எடுத்துக்கொண்டு போகும்போது சக்கரத்தின்மேல் நிற்கிறது. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு அடுக்குவதால்தான் கீழே சொல்லப்போகும் தொல்லைகளில் முக்கால்வாசி வருகின்றன.

"கனமானதை அடியில் வை" என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த அடி என்றுதான் யாரும் சொல்வதில்லை. திறந்து போட்ட பெட்டியில் நம் கண்ணுக்கு அடியாகத் தெரிவது அதன் முதுகு, அதாவது இழுகைப்பிடியின் குழாய்கள் ஓடும் பக்கம். பெட்டியை நிமிர்த்தியதும் அது பின்சுவராகிவிடும். அப்போது உண்மையான அடி, சக்கரம் இருக்கும் பக்கம். ஆகவே கனமான பொருள் இரண்டு அடிக்கும் பொதுவான இடத்தில், சக்கரப் பக்கமும் முதுகும் சேரும் மூலையில் இருக்க வேண்டும். அடிக்கடி எடுப்பவை அதற்கு நேர் எதிர் மூலையில், கைப்பிடிப் பக்கமும் மூடியும் சேரும் இடத்தில். மற்ற துணிமணி எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில். இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ளதைப் பின்தொடர்வது எளிது.

உங்கள் பெட்டி எந்தத் தொல்லை தருகிறதோ அந்தத் தலைப்பிலிருந்து தொடங்கலாம்.

கையை எடுத்ததும் பெட்டி முன்பக்கம் விழுகிறது

உடனே பெட்டியைத் திறக்க வேண்டாம். வெளியிலிருந்தே மூன்று விஷயங்களைச் சோதிக்கலாம்.

முதலில், கைப்பிடியில் மாட்டியிருக்கும் தோள்பையைக் கழற்றிவிட்டு நிறுத்திப் பாருங்கள். நின்றால் பெட்டிமேல் குற்றமில்லை. உயரத்தில் தொங்கும் பைதான் இழுத்துச் சாய்க்கிறது. அதைப் பெட்டியின் முன்பக்கமாகத் தொங்கவிடாமல் தலைமேல் கைப்பிடிக் கம்பிகளை ஒட்டி உட்கார வையுங்கள், அல்லது தோளிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, துணியால் செய்த பெட்டியாக இருந்தால் முன்பக்க வெளிப்பையைக் காலிசெய்யுங்கள். இரண்டு சக்கரப் பெட்டிகளில் சக்கரம் பின்னால் இருக்கும், முன்னால் இரண்டு குட்டைக் கால்கள் இருக்கும். பெட்டியின் மொத்த எடையும் குவியும் புள்ளியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு விட்டால், அது இந்தச் சக்கரத்துக்கும் காலுக்கும் நடுவே விழுந்தால் பெட்டி நிற்கும். காலைத் தாண்டி விழுந்தால் பெட்டியும் விழும். வெளிப்பையோ அந்தக் கால்களுக்கும் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. ஒரு தடிமனான புத்தகமும் தண்ணீர்ப் புட்டியும் அதில் இருந்தாலே போதும். வெளிப்பையில் காகிதம், மெல்லிய துண்டு, மடித்த துணிப்பை போன்றவை மட்டும் இருக்கட்டும்.

மூன்றாவது, பெட்டியை அகலமாக்கும் கூடுதல் ஜிப் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைத் திறந்ததும் முன்சுவர் சில சென்டிமீட்டர் வெளியே போகிறது, ஆனால் கால்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அந்தக் கூடுதல் இடத்தில் கனமானது எதுவும் போகக் கூடாது.

இந்த மூன்றும் இல்லை என்றால் திறக்கலாம். நான் பார்த்தவரை காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: காலணியும் குளியல் பையும் கடைசி நேரத்தில் மூடிக்கு நேர் கீழே திணிக்கப்பட்டிருக்கும். எல்லாத் துணியும் அடுக்கி முடித்த பிறகுதான் அவை ஞாபகம் வருகின்றன. அவற்றை எடுத்து முதுகுப் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

நடுவில் பிளந்து இரண்டு பாதியாகத் திறக்கும் நான்கு சக்கரப் பெட்டிக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே சக்கரங்கள் நான்கு மூலையிலும் இருப்பதால் முன், பின் இரண்டு பாதிகளும் ஏறக்குறைய சம எடையாக இருக்க வேண்டும். காலணி ஜோடியைப் பிரித்துப் பாதிக்கு ஒன்றாக வைப்பதில் தவறே இல்லை. எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பாதியிலிருந்து ஒரே ஒரு கனமான பொருளை எதிர்ப் பாதிக்கு மாற்றி மறுபடி நிறுத்திப் பாருங்கள். ஒரே நேரத்தில் நாலைந்தை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போகும்.

சாய்த்து இழுக்கும்போது கை கடுக்கிறது

இது இரண்டு சக்கரப் பெட்டிக்காரர்களின் தொல்லை. நான்கு சக்கரப் பெட்டியை நிமிர்த்தியே தள்ளுவதால் இந்தச் சுமை கைக்கு வராது.

சாய்த்த பெட்டி ஒரு நெம்புகோல். சக்கரம் அதன் ஊன்றுபுள்ளி, கை மறுமுனை. எடை சக்கரத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு சுமையைச் சக்கரம் ஏற்கும், மிச்சம் கைக்கு வரும். கணக்கும் எளிது: மொத்த எடையை, சக்கரத்திலிருந்து எடைமையம் இருக்கும் தூரத்தால் பெருக்கி, சக்கரத்திலிருந்து கை இருக்கும் தூரத்தால் வகுத்தால் போதும்.

என் தங்கையின் பெட்டியை வைத்தே சொல்கிறேன். "அக்கா, இது பதினஞ்சு கிலோதான், ஆனா முப்பது கிலோ மாதிரி இழுக்குது" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். பெட்டியின் உயரம் 65 செ.மீ. கைப்பிடியை முழுதாக இழுத்தால் சக்கரத்திலிருந்து கைவரை 100 செ.மீ. எடைமையத்தைக் கண்டுபிடிக்க, மூடிய பெட்டியைத் தரையில் படுக்க வைத்து, அடியில் குறுக்காக ஒரு துடைப்பக் கட்டையைச் செருகினோம். இரண்டு பக்கமும் சாயாமல் பெட்டி சமமாக நிற்கும்வரை கட்டையை முன்னும் பின்னும் நகர்த்தினோம். அது சமன்பட்ட இடம் சக்கரத்திலிருந்து 38 செ.மீ. ஆக, கைக்கு வந்த சுமை 15 × 38 ÷ 100, அதாவது 5.7 கிலோ.

திறந்து பார்த்தால் இரண்டு புத்தகம், குளியல் பை, ஒரு ஜோடி காலணி, சார்ஜர் பை எல்லாம் சேர்ந்து 4 கிலோ, கைப்பிடிப் பக்கம் குவிந்து கிடந்தன. காரணம் கேட்டதற்கு, "அப்பத்தானே சீக்கிரம் எடுக்கலாம்" என்றாள். சார்ஜர் சரி. புத்தகமும் காலணியும் எதற்கு?

அந்த 4 கிலோவையும் சக்கரப் பக்கம் இறக்கினோம். அங்கே இருந்த துணி மேலே வந்தது. அதே இடத்தை அடைத்த துணியின் எடை ஒன்றரைக் கிலோதான். ஆக, நிகரமாக இரண்டரைக் கிலோ 45 செ.மீ. கீழே இறங்கியது. 2.5 × 45 ÷ 15, எடைமையம் ஏழரை செ.மீ. இறங்கி 30.5-க்கு வந்தது. கைச்சுமை 4.6 கிலோ ஆயிற்று. பெட்டியிலிருந்து ஒரு பொருளைக்கூட வெளியே எடுக்காமல் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டது.

அதற்காக அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். எல்லாப் பொருளையும் சக்கரத்தின்மேலேயே வைக்க முடியாது. 65 செ.மீ. பெட்டியில் எடைமையம் 27, 28-க்குக் கீழே இறங்குவது கடினம். துடைப்பக் கட்டை சோதனையில் நடுவுக்குக் கீழே வந்துவிட்டால் அடுக்கில் திருத்த இனி அதிகம் இல்லை. அதற்குப் பிறகும் கை கடுத்தால் பொருளைக் குறைக்க வேண்டியதுதான். கைப்பிடியைப் பாதியளவே இழுத்துப் பிடிப்பதும் சுமையைக் கூட்டும், அதையும் பாருங்கள்.

போய்த் திறந்தால் எல்லாம் சக்கரப் பக்கம் சரிந்து, துணி கசங்கிக் கிடக்கிறது

கனமானவை முதலிலேயே கீழே இருந்தால் அவை சரிய இடமில்லை. அப்படியும் சரிகிறது என்றால் உள்ளே காலி இடம் இருக்கிறது என்று பொருள். எங்கே என்பதைக் கிளம்புவதற்கு முந்தைய இரவே கண்டுபிடித்துவிடலாம். பெட்டியை மூடி நிறுத்துங்கள். நான்கு விரல் உயரம் தூக்கி இரண்டு முறை தட்டென்று வையுங்கள். படுக்க வைத்துத் திறந்து பாருங்கள். கைப்பிடிப் பக்கம் உள்ளங்கை அளவு பள்ளம் விழுந்திருந்தால் அடுக்கு தளர்வாக இருக்கிறது.

பெட்டியின் உள்ளே தரை சமமாக இல்லை என்பதுதான் முதல் காரணம். இழுகைப்பிடியின் குழாய்கள் இரண்டு மேடுகளாக நீள ஓடும். அவற்றுக்கு நடுவிலும் இரு ஓரங்களிலும் பள்ளங்கள் இருக்கும். சக்கரக் கூடுகள் மூலையில் முட்டிக்கொண்டு நிற்கும். இதன்மேல் நேராகச் சட்டையை விரித்தால் சட்டையில் குழாயின் வரி விழும், அடியில் காற்றுப் பள்ளம் தங்கும். சுருட்டிய பனியன், உள்ளாடை, காலுறை இவற்றால் பள்ளங்களை நிரப்பி, கையால் தடவினால் மேடு தட்டாத அளவுக்குச் சமமாக்குங்கள். இதுதான் முதல் அடுக்கு. இதில் போகும் பொருள்களைத் திரும்பும்வரை எடுக்கத் தேவையில்லாதபடி பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து, சக்கரச் சுவரை ஒட்டிக் காலணி. ஒன்றின் குதிகால் மற்றதன் நுனியோடு சேரும்படி தலைகீழாக, அடிப்பாகம் சுவரைப் பார்த்தபடி, ஒரு பைக்குள் போட்டு வையுங்கள். காலணிக்குள் காலுறையோ சார்ஜர் கம்பியோ போகட்டும். வெறும் காலணி நசுங்கும், நசுங்கினால் அங்கேயே ஒரு பள்ளம் உருவாகிவிடும். காலணிக்குப் பக்கத்தில் குளியல் பையும் புத்தகமும். புத்தகத்தின் முதுகு சக்கரச் சுவரில் படும்படி இருக்கட்டும்.

அதற்கு மேல் துணி. தடித்த கால்சட்டை இருந்தால், கனமானவற்றை வைப்பதற்கு முன்பே அதை ஒரு வேலைக்குப் பயன்படுத்தலாம். அதன் இடுப்புப் பகுதியைப் பெட்டியின் நடுவில் பரப்பி, கால் பகுதியைச் சக்கரச் சுவருக்கு வெளியே தொங்கவிடுங்கள். கனமானவற்றை அதன்மேல் அடுக்கிய பிறகு தொங்கும் பகுதியை உள்ளே மடித்துப் போர்த்துங்கள். புத்தகமும் பையும் இப்போது ஒரு துணித் தொட்டிலில் இருக்கும், நகராது.

உள்ளே இருக்கும் குறுக்குப் பட்டைகளை நம்பி விட்டுவிடுபவர்கள் உண்டு. அந்தப் பட்டை துணியை முதுகை நோக்கித்தான் அழுத்தும், சக்கரப் பக்கம் சரிவதை ஓரளவே தடுக்கும். நீளவாக்கில் இடைவெளி இல்லாமல் அடுக்கி, அதன்மேல் பட்டையை இறுக்கினால்தான் பயன்.

துணிகளைத் தனித்தனிச் சதுரப் பைகளில் போட்டு அடுக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதி நிரம்பிய பை மொத்தமாக வழுக்கி இறங்கும். மூன்று பாதிப் பைகளைவிட, முட்ட நிரம்பிய இரண்டு பைகள் மேல்.

ஒன்றை எடுக்க எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டியிருக்கிறது

பொருள்களை இனம் பிரித்து அடுக்குவதால் இது வருகிறது. சட்டைகள் ஒரு பக்கம், கால்சட்டைகள் ஒரு பக்கம், உள்ளாடைகள் ஒரு பையில் என்று வீட்டு அலமாரி மாதிரி. அலமாரியில் எல்லாத் தட்டும் நம்மைப் பார்த்தபடி இருக்கும். பெட்டியில் மேலடுக்கு மட்டும்தான் நம்மைப் பார்க்கிறது. அதனால் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து 'இது எப்போது வேண்டும்?' என்று கேட்டுப் பிரிக்க வேண்டும்.

வழியிலேயே வேண்டும் என்று பதில் வந்தால், அது பெட்டிக்கான பொருளே இல்லை. மருந்து, கண்ணாடி, ஆவணங்கள், ஒரு சார்ஜர் இவை தோள்பைக்குப் போக வேண்டும். விமானத்தில் சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் பவர் பேங்க் வைக்க அனுமதி இல்லை. அது கையோடுதான் வர வேண்டும்.

போய்ச் சேர்ந்த முதல் இரவு வேண்டும் என்றால் அதற்கு ஒரு தனிச் சிறு பை. இரவு உடை, பல் துலக்கும் பொருள்கள், மறுநாள் காலைக்கு ஒரு செட் துணி, செருப்பு. இவ்வளவுதான். இந்தப் பையில் அதையும் இதையும் சேர்க்கத் தொடங்கினால் அதுவே இன்னொரு பெட்டியாகிவிடும். இதைக் கடைசியாக, கைப்பிடிப் பக்கம், மூடிக்கு நேர் கீழே வையுங்கள்.

பிறகு வேண்டும் என்பவை நடுவில். இதிலும் கடைசி நாளுக்கானது அடியில், இரண்டாம் நாளுக்கானது மேலே.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, பெட்டியை மூடிவிட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துப் பாருங்கள். ஒரு துணிகூட வெளியே வராமல் அது கைக்கு வர வேண்டும். மூடி வைத்த துணிப் பெட்டியில் இது மிக எளிது. படுக்க வைத்து, கைப்பிடிப் பக்க மூலையில் மட்டும் ஒரு முழ நீளம் ஜிப்பைத் திறந்து கையை விட்டால் போதும். குறுகலான அறையில், இரவில், தூங்குபவர்களை எழுப்பாமல் எடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பிளந்து திறக்கும் பெட்டியில் அந்த வசதி இல்லை. முழுதாக விரித்தாக வேண்டும், அதற்குத் தரையில் இரண்டு மடங்கு இடம் வேண்டும். அங்கே வேறொரு விஷயத்தைப் பாருங்கள். அநேகமாக ஒரு பாதிக்கு ஜிப் வைத்த தடுப்பு இருக்கும், மறுபாதிக்குப் பட்டைகள் மட்டும் இருக்கும். பட்டைப் பாதி தரையில் இருக்கும்படி படுக்க வைத்து, தடுப்புப் பாதியை மேலே தூக்கித் திறக்க வேண்டும். மாற்றித் திறந்தால் பொருள்கள் தலையில் கொட்டும். முதல் இரவுப் பை பட்டைப் பாதியின் மேலடுக்கில் இருந்தால் தடுப்பின் ஜிப்பைத் தொடவே வேண்டாம். எந்தப் பாதி கீழே வர வேண்டும் என்பது மூடிய பிறகு தெரியாது, அதனால் வெளியே ஒரு ரிப்பனைக் கட்டிவிடுங்கள்.

அழுக்குத் துணி இந்த ஏற்பாட்டைக் கெடுக்கும். இரண்டாம் நாளே ஒரு பையில் திணித்து மூடிக்கு அடியில் போட்டுவிடுவோம், அப்புறம் ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கிவிட்டுத்தான் நல்ல துணியை எடுக்க வேண்டும். ஒரு காலிப் பையை முதல் நாளே நடு அடுக்கின் ஓரத்தில் செருகி வைத்தால், நல்ல துணி குறையக் குறைய அது அதே இடத்தில் பெருத்துக்கொண்டே வரும்.

புட்டி கசிந்து துணி நனைந்துவிட்டது

ஷாம்பு, எண்ணெய்ப் புட்டிகள் கனமானவை, அதனால் சக்கரப் பக்கம் போக வேண்டும். ஆனால் குளியல் பொருள் முதல் நாளே தேவை. இரண்டு விதிகளும் இங்கே மோதுகின்றன. பிரித்துவிடுவதுதான் வழி. பெரிய புட்டிகள் கீழே, ஒரு நாளுக்கான சிறிய அளவு முதல் இரவுப் பையில்.

புட்டியை நிமிர்த்தி வைத்திருக்கிறேனே என்று நிம்மதியாக இருக்க முடியாது. சரக்கு அறையில் பெட்டி எந்தப் பக்கமும் படுத்திருக்கலாம். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலைமேல் இருப்பது போலக் குறையும். புட்டிக்குள் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்குவரை விரியும், விரிந்து திரவத்தை மூடி வழியாகத் தள்ளும். நசுங்கக்கூடிய புட்டியானால் கொஞ்சம் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு, அழுத்திய நிலையிலேயே மூடியைத் திருகுங்கள். மூடிக்கு அடியில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாள். அதற்கு மேல் ஒரு ஜிப் கவர்.

மூடி நடுவில் புடைக்கிறது, ஜிப் திணறுகிறது

இது பெரும்பாலும் பொருள் அதிகமானதால் அல்ல. நடுவில் ஏதோ ஒரு கட்டியான பொருள் இருக்கிறது. மூடியை உள்ளங்கையால் தடவினாலே எங்கே என்று தெரியும். அதை எடுத்துச் சக்கரப் பக்கம் மாற்றுங்கள். மூலைகளை அழுத்திப் பாருங்கள், அநேகமாக அவை காலியாக இருக்கும். மேல்மூலைகளில் சுருட்டிய துணியைச் செருகினால் நடுப்பகுதி தானாகத் தணியும். பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து மூடுவது மட்டும் வேண்டாம். ஜிப் அப்போது மூடிக்கொள்ளும், ஆனால் சரக்கு ஏற்றுபவர்கள் தூக்கிப் போடும்போது பல்விட்டுப் பிளக்கும்.

எல்லாம் செய்தும் பெட்டி நிற்கவில்லை

முழுவதையும் காலிசெய்து வெறும் பெட்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கைப்பிடியை ஒரு முறை இறக்கியும், ஒரு முறை முழுதாக இழுத்தும் பாருங்கள். வெறும் பெட்டியே ஆடினாலோ சாய்ந்தாலோ கோளாறு அடுக்கில் இல்லை. முன் கால் தேய்ந்திருக்கும், அல்லது ஒரு சக்கரக் கூடு உள்ளே அமுங்கியிருக்கும். பெட்டியைக் கவிழ்த்துக் கால்கள் இரண்டையும் சக்கரங்களையும் அளந்து பார்த்தால் எது குட்டை என்று தெரிந்துவிடும். தேய்ந்த ரப்பர்க் காலைக் கழற்றி மாற்றலாம். கூடு அமுங்கியிருந்தால் பழுது பார்ப்பவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். அதுவரை அந்தப் பெட்டியை எங்கே நிறுத்தினாலும், முதுகு சுவரைப் பார்த்தபடி சாய்த்தே வையுங்கள்.